‘லா’ என்றால் காரம்

சிங்கப்பூர் ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. சனிக்கிழமை சாயங்காலம் மூன்று மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, பத்து வாழை இலையும் பத்து டம்ளரும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். கடைசியில் வந்தது நான்கு பேர். முதலில் வந்து இடம் கேட்ட சீனப் பெண்மணி “பத்துப் பேர்” என்றுதான் சொன்னார் என்று சத்தியம் செய்தார், பரிமாறும் மன்னார்குடித் தம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது. மாண்டரினில் நான்கு ‘ஸு’, பத்து ‘ஷு’. தென்சீனத்துக்காரர்கள் பலர் பேசும்போது இரண்டுமே ‘ஸு’ ஆகிவிடும். குரல் இறங்கினால் நான்கு, ஏறினால் பத்து.

நான் அந்தக் கடையில் டீ குடிக்கிறவன். மாலை வகுப்பில் கொஞ்சம் மாண்டரின் படித்தவன் என்பது கடைக்காரருக்குத் தெரியும். “அண்ணே, ஒரே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, கல்லா கண்ணாடிக்கு அடியில வச்சிக்கிறோம்” என்றார். உள்ளூர்ச் சீனர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் போதும். ஆங்கிலம் வராத தாத்தா பாட்டிகளுக்கும் சீனாவிலிருந்து வரும் பயணிகளுக்கும்தான் இந்தத் தாள். 2024 பிப்ரவரியிலிருந்து சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே முப்பது நாள் வரை விசா வேண்டாம் என்று ஆனது. கடைக்காரரின் அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

மாண்டரினில் பெரும்பாலான அசைகள் நான்கு ராகங்களில் ஒன்றில் வரும். முதல் ராகம், டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால் நாம் இழுக்கும் ‘ஆ’ போல மேலேயே சமமாக நிற்பது. இரண்டாவது, போனில் சரியாகக் கேட்காதபோது “ஆங்?” என்று ஏறுவது. மூன்றாவது, அரைமனதாக “ம்…” என்று அடித்தொண்டையில் தணிவது. நான்காவது, “போ!” என்று வெட்டி இறக்குவது. தாளில் அப்படி வரும் அசைகளுக்குப் பின்னால் அந்த எண்ணைப் போட்டேன். இதை விட்டுவிட்டு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ‘த்ஹாங்’ போதும். முதல் ராகத்தில் சூப்பு, இரண்டாவதில் சர்க்கரை. டீக்குச் சர்க்கரை கேட்டவருக்கு ரசம் போகும்.

தமிழ் நாக்குக்கு இங்கே சில சலுகைகள் உண்டு. ‘ஸு’, ‘ஷு’ ஆகியவற்றின் முடிவில் வருவது ‘காசு’ என்று சொல்லும்போது கடைசியில் நாம் முழுங்கும் அந்தக் குற்றியலுகரம்தான். உதட்டைக் குவிக்கவே கூடாது. அதை ஆங்கில எழுத்தில் பார்த்துப் படித்தவர்கள்தான் ‘சி’ என்று கெடுக்கிறார்கள். சுடுதண்ணீருக்கு ‘ழெ4 ஷ்வெய்3’. அந்த முதல் எழுத்து நம் ழகரத்துக்கு ஒட்டிய உறவு. அது வராமல் மற்றவர்கள் தவிக்க, தம்பி முதல் தடவையே சொல்லிவிட்டார். அதிகம் தேவைப்படும் சொல்லும் அதுதான். சீனப் பெரியவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஐஸ் தண்ணீர் அல்ல, சுடுதண்ணீர்.

இடிக்கிற இடமும் ஒன்று உண்டு. சீனத்தில் இரண்டு ‘ப’ இருக்கின்றன. ஒன்று நம் ‘பல்’லில் வருவது. மற்றது காற்றை ஊதிக்கொண்டு வருவது. அதைத் தாளில் ‘ப்ஹ’ என்று எழுதினேன். டிஷ்யூ காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘ப்ஹா’வுக்குக் காகிதம் ஆட வேண்டும், ‘பா’வுக்கு ஆடக் கூடாது. ‘த்ஹ’, ‘ச்ஹ’ எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

வரவேற்பில் அதிகம் இல்லை. ‘நீ ஹாவ்’ எல்லாருக்கும் தெரியும். கடைக்கு ஏற்ற சொல் ‘ஹுவான்1 யிங்2 குவாங்1 லின்2’. வருகைக்கு நல்வரவு என்று பொருள். இதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டு பதிலுக்காக நிற்க வேண்டாம். உடனே ‘ஜி3 வெய்4?’ என்று கேட்க வேண்டும். எத்தனை பேர் என்பதன் மரியாதை வடிவம் இது. வரும் பதிலில்தான் அந்த நான்கு, பத்து வம்பு. அதனால் கேட்கும்போதே விரலைக் காட்டிக் கேட்கச் சொன்னேன். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சீனர்கள் பத்து வரை ஒரே கையால் எண்ணுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துப்பாக்கி போல நீட்டினால் எட்டு. நமக்கு இரண்டுமே இரண்டு விரல். ஒருவர் எட்டுப் பரோட்டாவுக்குக் கைகாட்டி, இரண்டு மட்டும் வந்து சேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். தாளின் ஓரத்தில் அந்தக் கைகளைப் படமாகவே வரைந்தேன். பத்துக்கு மூடிய முஷ்டி, அல்லது இரண்டு ஆள்காட்டி விரல்களைப் பெருக்கல் குறி போல வைப்பது.

தாளில் பாதியைக் காரம் எடுத்துக்கொண்டது. ‘லா4’ என்றால் காரம். ‘பு2 லா4’ காரமில்லை, ‘வெய்1 லா4’ லேசான காரம், ‘ஜுங்1 லா4’ நடுத்தரம், ‘ஹன்3 லா4’ நல்ல காரம். நான் முதலில் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான். ஒரு வாரத்தில் அது போதாது என்று தெரிந்தது. சிச்சுவான்காரரின் லேசான காரமும் குவாங்தோங்காரரின் லேசான காரமும் ஒன்றல்ல. நம் சமையலறையின் லேசான காரம் இரண்டுமே அல்ல. தவிரவும், படியைக் கேட்டால் அதற்கேற்பச் சமைத்துத் தர முடிய வேண்டும். மீன்தலைக் கறிக் குழம்பு காலையிலேயே பெரிய அண்டாவில் கொதித்து முடிந்தது. பொரிக்கிற கோழிக்கு மசாலா தடவி ஊறுகிறது. அதில் போய் யார் காரத்தைக் குறைப்பது?

ஆகவே கேள்வியையே மாற்றினோம். ‘நங்2 ச்ஹு1 லா4 மா?’, காரம் சாப்பிடுவீர்களா. பதில் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: ‘நங்2’ என்றால் சாப்பிடுவேன், ‘பு4 நங்2’ முடியாது, ‘யி4 தியென்3 தியென்3’ கொஞ்சூண்டு. பிறகு மெனு அட்டையில் விரலை வைத்து, ‘ஜெ4 க லா4’ இது காரம், ‘ஜெ4 க பு2 லா4’ இது காரமில்லை. நான்கு படிகளை ஒப்பிப்பதைவிட இந்த விரலும் இரண்டு வாக்கியங்களும் அதிகம் வேலை செய்தன.

‘பு2 லா4’ என்று எதைக் காட்டலாம் என்பதில் தகராறு வந்தது. மிளகுக்கோழியைக் காட்டலாம் என்றார் மாஸ்டர், அதில்தான் மிளகாயே இல்லையே என்று. மிளகின் உறைப்புக்கும் சீனர்கள் ‘லா’ என்றுதான் சொல்கிறார்கள். நாம் மட்டும் இரண்டுக்கும் காரம் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்களிடம் கணக்குப் பார்க்க முடியுமா? கடைசியில் பட்டியல் சின்னதாகிவிட்டது: தோசை, பரோட்டா, வெள்ளைச் சோறு, தயிர், அப்பளம், மிளகாய் போடாத ஆம்லெட். சாம்பார்கூட சேரவில்லை.

பதிலைக் கேட்கும்போது நழுவிப்போகிற ஓர் அசையும் உண்டு. ‘வோ3 ப்ஹா4 லா4’ என்றால் காரம் என்றால் எனக்குப் பயம். ‘வோ3 பு2 ப்ஹா4 லா4’ என்றால் பயமில்லை. நடுவில் வரும் அந்தக் குட்டி ‘பு’ காதில் விழாவிட்டால் எல்லாம் தலைகீழ். இதே மூன்று அசைகளைப் புரட்டிப் போட்டுச் சீனர்கள் ஒரு வேடிக்கை சொல்வார்கள். ஓர் ஊர்க்காரன் ‘பு ப்ஹா லா’, காரத்துக்குப் பயப்படாதவன். அடுத்தவன் ‘லா பு ப்ஹா’, எவ்வளவு காரமானாலும் பயப்படாதவன். மூன்றாமவன் ‘ப்ஹா பு லா’, எங்கே காரமில்லாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறவன். சிச்சுவான், ஹூனான், குய்ஜோ மூன்றில் யாரை உச்சியில் வைப்பது என்பது சொல்கிறவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. அந்த ஊர்க்காரர்கள் வந்தால் தம்பி பயப்பட வேண்டியதில்லை, அண்டாவில் இருப்பதையே ஊற்றலாம்.

எல்லாம் செய்தும் ஒருவர் முகம் சிவந்து உஸ் உஸ் என்றால் தண்ணீரோடு ஓட வேண்டாம். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது. ‘ஸுவான்1 நாய்3’, அதாவது தயிர், ஒரு கிண்ணம் வைத்தால் அடங்கும்.

பில்லுக்கு வருவோம். ‘மாய்3 தான்1’ என்று கூப்பிடுவார்கள், சிலர் ‘ஜியே2 ஜாங்4’ என்பார்கள். தொகையை வாயால் சொல்லிச் சாகசம் செய்ய வேண்டாம். ‘யி2 குங்4’, மொத்தம், என்று சொல்லி பில்லைக் காட்டினால் போதும். ஆனால் சீனாவிலிருந்து வந்தவர் அந்த பில்லை மேலும் கீழும் பார்ப்பார். அவர் ஊரில் மெனுவில் போட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். இங்கே 40 டாலருக்குச் சாப்பிட்டால், சேவைக் கட்டணம் வாங்கும் கடையில் 10 சதவீதம் சேர்ந்து 44 ஆகும். அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 47.96. ஏமாற்றுகிறார்கள் என்று அவர் நினைப்பதற்குள் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டு, ‘ஃபு2 வு4 ஃபெய்4’ சேவைக் கட்டணம், ‘ஷியாவ்1 ஃபெய்4 ஷ்வெய்4’ வரி என்று சொன்னால் தலையாட்டிவிடுவார்.

ரொக்கம் ‘ஷியென்4 ஜின்1’, கார்டு ‘ஷுவா1 கா3’, க்யூஆர் ‘ஸாவ்3 மா3’. க்யூஆர் என்றதும் அவர் ஒரு கேள்வி கேட்பார்: ‘வோ ஸாவ் நீ, ஹாய்ஷு நீ ஸாவ் வோ?’ நான் உன்னை ஸ்கேன் செய்யவா, இல்லை நீ என்னை ஸ்கேன் செய்கிறாயா. அவர் போனில் வரும் குறியைக் கடையின் கருவியும் படிக்கலாம், கடையின் அட்டையை அவர் போனும் படிக்கலாம். இது புரியாமல் இரண்டு பேரும் போனை எதிரெதிரே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அட்டை வைத்திருக்கும் கடை என்றால் பதில் ‘நீ3 ஸாவ்3 வோ3’. அவர் திரையில் யுவானில் வேறு எண் தெரிந்தால் பதற வேண்டாம். பணம் வந்ததா என்பதைக் கடைப் போனில் மட்டும் பார்க்க வேண்டும். ‘அனுப்பிவிட்டேன்’ என்று அவர் காட்டும் திரை கணக்கில் சேராது.

அன்று அந்த நால்வர் மேசையில் பில் போனதும் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ‘வோ3 லாய்2! வோ3 லாய்2!’, நான் தருகிறேன் என்று ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட, நோட்டு ஒன்று ரசத்தில் விழுந்தது. தம்பி எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தலில் மொய் வாங்குகிறவர் போலப் பேசாமல் நின்றார். அதுதான் சரி. யார் கையிலிருந்து முதலில் வாங்கினாலும் மற்றவருக்கு முகம் கோணும். அந்த அம்மாள் ஏற்கெனவே சத்தமில்லாமல் கல்லாவுக்கு வந்து கட்டியிருந்தார். நனைந்த நோட்டைத் துடைத்துக்கொண்டு அவர்கள் கிளம்பும்போது தம்பி தாளின் கடைசி வரியைச் சொன்னார்: ‘மான்4 ட்ஸோவ்3’. சொல்லுக்குச் சொல் ‘மெல்ல நடங்க’. நாம் “பாத்துப் போங்க” என்போமே, அது.