ஸ்கோர் வந்துவிட்டது, கேள்வி எங்கே?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். கிரிக்கெட் ஸ்கோர். கூடவே ஒரு சொல் இருக்காது, கேள்விக்குறிகூட இருக்காது. அனுப்பியவர் மாமாவாக இருந்தால், “என்ன மாமா, ஜெயிச்சிடுவாங்களா?” என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் மழை விதியை விளக்க ஆரம்பிப்பார். மூன்றாமவர் முதல் ஓவரிலிருந்து கதை சொல்லத் தொடங்குவார். மாமாவோ அதற்குள் சாப்பிடப் போயிருப்பார்.

வெறும் ஸ்கோர் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும்: இது எப்படி என்று புரியவில்லை, ஆட்டத்தில் என்ன நடந்தது, இனி என்ன ஆகும். எது என்று ஊகிக்க அனுப்பியவரின் மனதுக்குள் போக வேண்டியதில்லை. படத்திலேயே குறிப்பு கிடக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது ரன்னை அல்ல, ஆட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை.

2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியா 176 ரன் எடுத்திருந்தது. தென்னாப்பிரிக்கா 15 ஓவர் முடிவில் 4 விக்கெட்டுக்கு 147. அந்த நிமிடத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் எத்தனையோ கைபேசிகளில் சுற்றியிருக்கும். அதில் CRR என்ற இடத்தில் 9.80, RRR என்ற இடத்தில் 6.00 இருக்கும். முன்னது இதுவரை ஓவருக்கு எத்தனை ரன் எடுத்தார்கள் என்பது. பின்னது இனி ஓவருக்கு எத்தனை வேண்டும் என்பது. 30 பந்தில் 30 ரன், கையில் 6 விக்கெட்.

வெற்றி தோல்வி அறிவிப்பு இல்லாமல், ‘இத்தனை பந்தில் இத்தனை ரன் தேவை’ என்ற வரி மட்டும் இருந்தால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓடும் ஆட்டத்தின் படத்தை அனுப்புகிறவர் பெரும்பாலும் ஆரூடம்தான் கேட்கிறார். நம்மூரில் அது சில சமயம் புலம்பலாகவும் இருக்கும். “போச்சு” என்று எழுதக் கை வராமல் படத்தைப் போட்டுவிடுவார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து ஆரூடம் சொன்னவர்கள் அநேகமாகத் தென்னாப்பிரிக்கா என்றே சொல்லியிருப்பார்கள். தவறில்லை, எண்கள் அப்படித்தான் சொல்லின. அதற்கு முந்தைய ஓவரில் மட்டும் 24 ரன் போயிருந்தது. ஆனால் ஸ்கோர் பலகையின் முகப்பில் வராத ஒரு விஷயம் உண்டு: பந்துவீச யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பது. பும்ராவுக்கு இன்னும் இரண்டு ஓவர் பாக்கி இருந்தது. 16ஆவது ஓவரில் அவர் கொடுத்தது 4 ரன். 17ஆவது ஓவரின் முதல் பந்தில் கிளாசனை ஹார்திக் பாண்டியா வெளியேற்றினார். அந்த ஓவரிலும் 4 ரன்தான். 18ஆவது ஓவரில் பும்ரா ஒரு விக்கெட் எடுத்து 2 ரன் மட்டும் கொடுத்தார். அர்ஷ்தீப்பின் 19ஆவது ஓவரில் 4 ரன். கடைசி ஓவருக்கு 16 ரன் என்று வந்து நின்றது. முதல் பந்தை மில்லர் தூக்கி அடிக்க, எல்லைக்கோட்டருகே சூர்யகுமார் பிடித்த கேட்ச் ஊரறிந்தது. இந்தியா 7 ரன்னில் வென்றது.

ஆகவே ஆரூடம் சொல்லும்முன் பந்துவீச்சுப் பக்கத்தையும் திறந்து பார்ப்பது நல்லது. டி20யில் ஒருவருக்கு 4 ஓவர்தான். யாருக்கு எத்தனை பாக்கி என்று கழித்துப் பார்த்தால், தேவைப்படும் ரன் வேகம் சொல்லாத கதை அங்கே தெரியும். அதற்குமேல் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

இதே படம் மறுநாள் காலையில் வந்தால்? அப்போது ஆரூடம் சொல்வது வேடிக்கை. இரவு சீக்கிரம் தூங்கிப்போன ஒருவர், “இந்த நிலையிலிருந்து எப்படி ஜெயிச்சாங்க?” என்று கேட்கிறார். அவருக்கு மேலே சொன்ன ஐந்து ஓவர் கதை போதும். கோலி அடித்த 76 ரன்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கைபேசியின் மேல்விளிம்பில் தெரியும் மணியையும் செய்தி வந்த நேரத்தையும் ஒப்பிட்டால் இது பிடிபட்டுவிடும். பலர் அந்த விளிம்பை வெட்டிவிட்டு அனுப்புவதால்தான் வம்பு.

விதி கேட்கும் படம் வேறு மாதிரி. அதில் கணக்கு உதைக்கும். பார்த்ததும், “இது எப்படி?” என்று தோன்றும் ஏதோ ஒன்று இருக்கும்: 50 ஓவர் ஆட்டத்தில் 43 ஓவர், எதிரணி எடுத்ததைவிடக் குறைந்த இலக்கு, ஓரத்தில் DLS என்ற மூன்று எழுத்து.

இந்த வகையில் 1992 உலகக் கோப்பை அரையிறுதியின் சிட்னி மைதானப் பலகையை மிஞ்ச எதுவும் இல்லை. 45 ஓவராகக் குறைந்த அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 252 ரன் எடுத்தது. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் பலகையில் தெரிந்தது: 1 பந்தில் 22 ரன். விளக்கம் இல்லாமல் பார்த்தால் அச்சுப்பிழை என்றே நினைப்போம். அன்றைய விதிப்படி, இரண்டாவதாக ஆடும் அணி எத்தனை ஓவரை இழக்கிறதோ, முதல் அணி மிகக் குறைவாக ரன் எடுத்த அத்தனை ஓவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவார்கள். இங்கிலாந்து அப்படி ஏறக்குறைய ரன்னே எடுக்காத ஓவர்களை வைத்திருந்தது. அதனால் தென்னாப்பிரிக்கா 2 ஓவரை இழந்தும் இலக்கு 1 ரன்தான் குறைந்தது. இதில் இன்னொரு கொடுமை, பலகையும் தப்பு. உண்மையில் வேண்டியிருந்தது 21. இரண்டும் நடக்காத காரியம் என்பதால் அன்று யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

அந்த அவலத்துக்குப் பிறகுதான் டக்வொர்த், லூயிஸ் என்ற இரு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்களின் முறை வந்தது. மிச்சமிருக்கும் ஓவரோடு மிச்சமிருக்கும் விக்கெட்டையும் சேர்த்து அது அளக்கிறது. பின்னர் ஸ்டெர்ன் அதைத் திருத்த, மூவர் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து DLS ஆனது. இந்த எழுத்து தெரிந்தால் ஆட்டக்கதை வேண்டாம்; எத்தனை ஓவர் போனது, இலக்கு எதிலிருந்து எதற்கு மாறியது என்ற இரண்டை மட்டும் சொன்னால் கேட்டவருக்குத் தெளிந்துவிடும்.

புள்ளிவிவரப் பட்டியல் மட்டும் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தின் பட்டியலைப் பாருங்கள். ஃபெடரர் 218 புள்ளி, ஜோகோவிச் 204. ஏஸ் கணக்கிலும் ஃபெடரர் முன்னால். அதை வைத்துச் சுருக்கம் எழுதினால் ஃபெடரர் வென்றதாகத்தான் எழுதுவோம். கோப்பை ஜோகோவிச்சுக்கு, ஐந்து செட்டில் மூன்றை டைபிரேக்கில் வென்றார். டென்னிஸில் மொத்தப் புள்ளியைக் கூட்டி வெற்றி தருவதில்லை, எந்தப் புள்ளி எப்போது விழுந்தது என்பதுதான் கணக்கு. செட் ஸ்கோர் இல்லாத டென்னிஸ் பட்டியலுக்கு, “செட் ஸ்கோரையும் அனுப்புங்க” என்று கேட்பதே சரியான பதில்.

கிரிக்கெட் படத்திலும் குறிப்பு எதுவும் சிக்காவிட்டால், ஆட்டம் நிற்கும் நிலையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, “என்ன தெரியணும் மாமா?” என்று கேட்டுவிடலாம். மூன்று பத்தி தட்டச்சு மிச்சம். அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: படத்தை வெட்டும்போது தேதியையும் முடிவு வரியையும் விட்டுவையுங்கள், கீழே ‘ஜெயிப்பாங்களா’, ‘எப்படி’, ‘என்ன ஆச்சு’ என்ற மூன்றில் ஒன்றைப் போட்டு அனுப்புங்கள்.