ஆயிரத்துக்கு எத்தனை பேர்?

புள்ளியியல் பயிற்சித்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு, அமெரிக்காவில் 1980களில் ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் விழுங்கிய 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற 11,034 பேரில் 189 பேருக்கு வந்தது.

மாணவர் கணக்கைச் சரியாகவே போடுவார். பி மதிப்பு 0.00001-ஐ விடக் குறைவு, 'இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டுவிடுவார். படிப்பவருக்கு அதில் மாரடைப்பும் தெரியாது, மாத்திரையும் தெரியாது.

ஆஸ்பிரினால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவது மிக மிக அரிது. பி மதிப்பு சொல்வது இவ்வளவுதான். 'ஆஸ்பிரின் பயனற்றதாக இருக்கும் வாய்ப்பு' என்று அதைப் படிப்பதுதான் வழக்கமான பிழை.

பயன் எவ்வளவு என்பதற்கு நம்பிக்கை இடைவெளி வேண்டும். முதல் குழுவில் ஆயிரத்துக்குச் சுமார் 9 பேர், இரண்டாவதில் 17 பேர், வித்தியாசம் 8. அதன் 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 5 முதல் 11 வரை. இடைவெளிக்குள் பூஜ்யம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி முடிவை இப்படி எழுதலாம்: 'இத்தகைய ஆண்கள் ஆயிரம் பேர் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆஸ்பிரின் எடுத்தால், மாரடைப்பு வருவோர் எண்ணிக்கை ஏறத்தாழ 5 முதல் 11 வரை குறையும்.' 'இத்தகைய ஆண்கள்' என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. இந்த ஆய்வில் பெண்கள் ஒருவர்கூட இல்லை.