வாடகை ஃபிளாட்டின் உண்மையான வட்டி என்ன?

“2010-ல் அம்பது லட்சத்துக்கு வாங்கினேன். பதினைந்து வருஷம் வாடகை வந்தது, மொத்தம் 31 லட்சம். போன ஜூன்ல ஒண்ணேகால் கோடிக்குக் கொஞ்சம் குறைவா, 1.20 கோடிக்கு வித்துட்டேன். போட்டது மூணு மடங்கு ஆயிடுச்சு. எந்த ஃபண்ட் இதைக் குடுக்கும்?”

கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படிச் சொல்லும் ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. 101 லட்சம் லாபத்தை ஐம்பதாலும் பதினைந்தாலும் வகுத்தால் ஆண்டுக்கு 13.5 சதவீதம் வரத்தான் செய்கிறது. ஆனால் 2011-ல் கைக்கு வந்த வாடகையும் 2025-ல் வந்த விற்பனைப் பணமும் அவருக்கு ஒரே மதிப்பு. கையிலிருந்து போன பல செலவுகள் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்வதற்குத்தான் ஐஆர்ஆர் என்கிற உள்ளார்ந்த வருவாய் விகிதம்.

ஐஆர்ஆர் கேட்பது ஒரே ஒரு கேள்வி. ஃபிளாட்டுக்குப் போட்ட பணத்தை ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, வாடகை வந்த ஒவ்வொரு வருடமும் அதே தொகையை அதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் விற்ற பணத்தையும் எடுத்தவுடன் கணக்கில் சரியாகப் பூஜ்யம் நிற்க வேண்டும். அதற்கு அந்த வங்கி என்ன வட்டி கொடுத்திருக்க வேண்டும்? அந்த வட்டிதான் ஃபிளாட்டின் வட்டி.

பந்தியில் பேசியவரின் ஃபிளாட்டையே எடுத்துக்கொள்வோம். தென்சென்னையில் கைமாறி வந்த ஃபிளாட், விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரச் செலவும் புரோக்கர் கமிஷனும் சேர்த்து இன்னொரு 5 லட்சம். ஆக, கணக்கின் முதல் வரி 50 அல்ல, 55. வாடகை மாதம் 12,000-ல் தொடங்கி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது. இதில் முழுதும் கையில் நிற்காது. ஆள் மாறும்போது சில வாரம் வீடு காலியாகக் கிடக்கும். சொத்து வரி, பெயின்ட், குழாய் ரிப்பேர் என்று போகும். வாடகைக்கு வருமான வரியும் உண்டு. நூறு ரூபாயில் 75 மிஞ்சியதாக வைத்தால் முதல் வருடம் கைக்கு வந்தது 1.08 லட்சம், பதினைந்தாம் வருடம் 2.14 லட்சம். பத்தாம் வருடம் பாத்ரூம், வயரிங் என்று 2 லட்சம் ஒரே மூச்சில் போயிற்று. விற்கும்போது ஒரு சதவீதம் கமிஷன் போக 118.8 லட்சம்.

மூலதன ஆதாய வரி இங்கே சாதகமாக இருக்கிறது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இரண்டு வழியில் எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம்: பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம். 2010-11-க்கான விலைக் குறியீடு 167, 2025-26-க்கு 376. அப்படிப் பார்த்தால் அவர் போட்ட 55 லட்சம் வரிக் கணக்கில் 124 லட்சத்தை நெருங்குகிறது. விற்ற விலையைவிட இது அதிகம் என்பதால் வரியே இல்லை. பணவீக்கத்தை ஃபிளாட் தாண்டவில்லை என்று வருமான வரித் துறையின் குறியீடே சொல்கிறது என்பதையும் இதில் கவனிக்க வேண்டும்.

எக்செலில் ஒரு பத்தியில் முதல் கட்டத்தில் -55, அடுத்தடுத்த கட்டங்களில் ஒவ்வொரு வருட நிகர வாடகை, பதினொன்றாவது கட்டத்தில் ரிப்பேரைக் கழித்த தொகை, கடைசிக் கட்டத்தில் வாடகையும் விற்பனையும் சேர்த்து எழுதிவிட்டு, கீழே இப்படித் தட்டினால் போதும்:

```
=IRR(B1:B16)
```

விடை 7.05 சதவீதம். தேதிவாரியாகப் போட விரும்பினால் XIRR இருக்கிறது. சரிதானா என்று பார்க்க முதல் வருடத்தைக் கையாலேயே போட்டுப் பாருங்கள்: 55 லட்சத்துக்கு வட்டி 3.88 லட்சம், எடுத்த வாடகை 1.08, மிச்சம் 57.80 லட்சம். இப்படியே இறங்கினால் கடைசியில் பூஜ்யத்தில் நிற்கும்.

இனி ஃபண்ட். அதே 55 லட்சம் 2010 ஜூன் இறுதியில் நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டுக்குப் போயிருந்தால்? அன்று நிஃப்டி 5,300 சுற்றில் இருந்தது. 2025 ஜூன் இறுதியில் 25,500-ஐ எட்டியிருந்தது. டிவிடெண்ட் கூட்டும், ஃபண்டின் நிர்வாகச் செலவு கழிக்கும். இரண்டும் ஈடு என்று விட்டுவிட்டேன். 55 லட்சம் ஏறத்தாழ 2.64 கோடி ஆகிறது, ஆண்டுக்கு 11 சதவீதம். இங்கே வரி உண்டு. 2018 ஜனவரி 31 வரை ஏறிய லாபத்துக்கு விலக்கு, அதற்குப் பிந்தியதற்கு 12.5 சதவீதம். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் விற்றால் சர்சார்ஜ், செஸ் உட்பட சுமார் 22 லட்சம் போகும். போக மிஞ்சுவது 2.42 கோடி, ஐஆர்ஆர் 10.4 சதவீதம்.

“ஃபண்ட் மாசாமாசம் வாடகை தராதே” என்பார் நம்மவர். நியாயமான கேள்வி. ஐஆர்ஆரின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. வந்த வாடகையை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அது கேட்பதில்லை. அதனால் ஃபண்டையும் ஃபிளாட்டின் உருவத்துக்கு வளைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் நிகர வாடகைக்குச் சமமான தொகையை யூனிட் விற்று எடுத்துக்கொண்டதாகவும், ஃபண்ட் ஒரே சீராக 11 சதவீதம் வளர்ந்ததாகவும் வைத்தால்கூட, கடைசியில் வரிக்கு முன் 2 கோடிக்கு மேல் நிற்கிறது. ஃபிளாட்டில் நின்றது 1.19 கோடி.

ஃபிளாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது வாடகையைவிட விற்பனை விலைதான். செலவே இல்லாமல் வாடகை முழுசும் கைக்கு வந்திருந்தாலும் 7.05 என்பது 7.8 ஆகத்தான் ஏறும். 1.60 கோடிக்கு விற்றிருந்தால், வரி கட்டிய பிறகும் 8.6. ஃபண்டின் 10.4-ஐத் தொட வேண்டுமானால் அதே ஃபிளாட் 2.2 கோடிக்கு மேல் போயிருக்க வேண்டும். தெருவில் அண்மையில் பதிவான விலைகளைப் பார்த்தால் அது நடக்குமா என்று தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தார் ‘சொல்லும்’ விலையை மட்டும் இந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள்.

கடன் வாங்கி வாங்கியிருந்தால்? 40 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, பதினைந்து வருடத் தவணை என்றால், சொந்தக் காசுக்குக் கிடைத்த ஐஆர்ஆர் 6-க்கும் கீழே இறங்குகிறது. வட்டிக்கான வரிச் சலுகை அதைக் கொஞ்சம் தூக்கும், அவ்வளவுதான். ஏழு சதவீதம் தரும் சொத்தை ஒன்பதரைக்குக் கடன் வாங்கி வாங்கினால் வேறென்ன ஆகும்?

ஃபண்ட் பக்கமும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஐஆர்ஆர் முடிவுத் தேதிக்கு அடிமை. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-க்கு விழுந்தது. அன்று இதே கணக்கைப் போட்டிருந்தால் ஃபண்டின் விடை 4 சதவீதத்துக்கும் கீழே. அன்றைக்கு ஃபிளாட்டின் விலை என்ன என்று திரையில் யாரும் காட்டவில்லை. அதனாலேயே ஃபிளாட்காரர் விற்காமல் இருந்தார். ஃபண்ட்காரர்களில் எத்தனையோ பேர் விற்றுவிட்டார்கள். அவர்களுக்கு 10.4 கிடைக்கவில்லை.