நாலு டாலரைக் காணாமல் போக்கும் தசமப் புள்ளி

அமெரிக்காவில் ஒரு கிடங்கு. மணிக்கு 16 டாலர் கூலி வாங்கும் ஒரு தொழிலாளி காலை 8:30க்குச் சரியாக அட்டையைத் தேய்த்து உள்ளே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலை 5 மணி 7 நிமிடம் 30 வினாடிக்கு வெளியே வருகிறார். உணவு இடைவேளைக்கும் சம்பளம் உண்டு. ஆக, அவர் வேலை பார்த்தது 8 மணி 37 நிமிடம் 30 வினாடி. அந்த நிறுவனம் மொத்த நேரத்தை அருகிலுள்ள கால் மணிக்குத் திருத்திச் சம்பளம் போடுகிறது. சரிபாதியில் நின்றால் மேலே ஏற்ற வேண்டும் என்பது அங்கே விதி. எட்டரைக்கும் எட்டே முக்காலுக்கும் நட்டநடுவில் நிற்கும் இந்த நேரம், விதிப்படி எட்டே முக்கால் மணி. கூலி 140 டாலர். ஆனால் கம்ப்யூட்டர் 136 டாலர் என்று காட்டக்கூடும்.

இப்படி நேரத்தைத் திருத்துவதற்கு அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 1938-ல் வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டத்தின் கீழுள்ள கூட்டரசு விதிகளில் 785.48 என்ற பிரிவு, வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் அருகிலுள்ள 5 நிமிடத்துக்கோ, மணியின் பத்தில் ஒரு பங்குக்கோ, கால் மணிக்கோ திருத்திப் பதியலாம் என்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நாளடைவில் கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று ஈடுகட்டி, உழைத்த நேரம் முழுவதற்கும் தொழிலாளிக்குக் கூலி சேர்ந்துவிட வேண்டும். எப்போதும் கீழேயே இறக்கும் கணக்கு சட்டவிரோதம். நடைமுறையில் இதை ‘ஏழு நிமிட விதி’ என்பார்கள்: 7 நிமிடம் வரை கீழே, 8 நிமிடத்திலிருந்து மேலே.

அப்படியானால் நாலு டாலர் எங்கே போனது? சம்பளப் பிரிவில் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் எண்களைச் சேமிக்கும் விதத்தில்தான் அது போயிருக்கிறது.

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.3333 என்று முடிவில்லாமல் நீளும். எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். கம்ப்யூட்டருக்கும் இதே சிக்கல் உண்டு, ஆனால் அது பத்தில் எண்ணுவதில்லை, இரண்டில் எண்ணுகிறது. அரை, கால், அரைக்கால் எல்லாம் ஒன்றைத் திரும்பத் திரும்ப இரண்டால் வகுத்து வருபவை என்பதால் அவற்றைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு போன்றவற்றைச் சுமார் 16 இலக்கத்தோடு வெட்டிவிடும். 1985-ல் வெளியான ஐஇஇஇ 754 என்ற தரம் இந்த முறையை வகுத்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் இதைத்தான் பின்பற்றுகின்றன.

அப்படிப் பார்த்தால் கால் மணி என்பது 0.25, கம்ப்யூட்டருக்குத் துல்லியமான எண். பிரச்சினையே வந்திருக்கக் கூடாது. ஆனால் எக்செல் போன்ற மென்பொருள்கள் நேரத்தை மணியாக வைப்பதில்லை. ஒரு நாளின் பின்னமாக வைக்கின்றன. நண்பகல் 0.5, மாலை ஆறு மணி 0.75. இந்த அளவில் கால் மணி என்பது நாளில் 96-ல் ஒரு பங்கு. 96 என்பது 32-ஐ மூன்றால் பெருக்கிய எண். அந்த மூன்று உள்ளே வந்துவிட்டதால், பெரும்பாலான கால் மணிகள் வெட்டுப்பட்ட எண்ணாகவே சேமிக்கப்படுகின்றன.

நம் தொழிலாளியின் கணக்கைப் பைத்தான் மொழியில் அதே முறையில் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. 8:30 என்பது 30,600-வது வினாடி. 17:07:30 என்பது 61,650-வது வினாடி.

```python
a = 30600 / 86400
b = 61650 / 86400
h = (b - a) * 24
print(h)                  # 8.624999999999998
print(round(h * 4) / 4)   # 8.5
```

வர வேண்டியது 8.625. வந்த நேரம் மயிரிழை கூடுதலாகவும், போன நேரம் மயிரிழை குறைவாகவும் சேமிக்கப்பட்டன. கழித்தபோது இரண்டு பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன. ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம்தான். ஆனால் நடுக்கோட்டில் நிற்கும் எண்ணுக்கு அதுவே போதும். கணக்கு கீழே சரிந்து, கால் மணி முழுதாகப் போய்விட்டது.

இதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். இரண்டு இலக்கத்துக்குமேல் காட்டாத அறிக்கையில் அது 8.62 என்றுதான் தெரியும்.

சிலர் கணக்கின் முடிவில் 0.0000001 போல ஒரு சிறு எண்ணைக் கூட்டிச் சமாளிப்பார்கள். இந்த இடத்தில் அது வேலை செய்யும். ஆனால் எவ்வளவு கூட்டினால் போதும், எவ்வளவு கூட்டினால் அதிகம் என்பதை எழுதியவர் ஊகிக்க வேண்டியிருக்கும். அதைவிட நேரான வழி, பின்னத்தையே உள்ளே விடாமல் இருப்பது. நேரத்தை வினாடியாகவே, முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால் வெட்டுப்பட ஒன்றும் இல்லை.

```python
sec = 61650 - 30600       # 31050
q = (sec + 450) // 900    # 35
```

கால் மணிக்கு 900 வினாடி. அதில் பாதி 450. வேலை நேரத்தோடு பாதியைக் கூட்டி, 900-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் அருகிலுள்ள கால் மணி கிடைத்துவிடும். இங்கே 35 கால் மணி, அதாவது எட்டே முக்கால். கூலியையும் டாலரில் வைக்காமல் சென்ட்டில் வைத்தால், மணிக்கு 1,600 சென்ட், கால் மணிக்கு 400 சென்ட். 35 கால் மணிக்கு 14,000 சென்ட். கூலி நாலால் மீதியின்றி வகுபடாத எண்ணாக இருந்தால், வாரம் முழுவதற்கும் பெருக்கிக் கூட்டிய பிறகு கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்கலாம்.

நேரப் பதிவுக் கருவி வினாடியை விட்டுவிட்டு நிமிடத்தை மட்டும் பதிந்தால் வேலை இன்னும் எளிது. கால் மணியின் நடு ஏழரை நிமிடம். முழு நிமிடம் எதுவும் அங்கே போய் நிற்காது. `(min + 7) // 15` என்றால் 7 நிமிடம் பூச்சியமாகும், 8 நிமிடம் ஒரு கால் மணியாகும்.

முழு எண்ணுக்கு மாறுவதால் இன்னொரு பொறியும் அடைபடுகிறது. அதே தொழிலாளி 16:37:30-க்கு வெளியே போயிருந்தால், மேலே கண்ட பைத்தான் கணக்கு 8.125 என்று பிசகில்லாமல் வரும். நாலால் பெருக்கினால் 32.5. விதிப்படி 33 ஆக வேண்டும். ஆனால் பைத்தானின் `round`, சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். 32 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டின் `Math.round` இதே எண்ணை 33 ஆக்கும். ஆக, ஒரே நேரத்துக்கு இரண்டு மென்பொருள்கள் இரண்டு கூலி போடலாம்.

ஒரு சம்பள மென்பொருள் இந்தக் குழியில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, நடுக்கோட்டுக்கு இருபுறமும் உள்ள நேரங்களைக் கொடுத்துப் பார்த்தால் போதும்: 7:29, 7:30, 7:31 நிமிடங்கள், பிறகு 22:29, 22:30, 22:31. இவற்றை ஒரே தொடக்க நேரத்தோடு மட்டும் சோதித்தால் பிழை தப்பிவிடலாம், ஏனென்றால் அது தொடக்க நேரத்தையும் பொறுத்தது. நாளின் 96 கால் மணிகளையும் தொடக்கமாக வைத்து, வினாடிக் கணக்கின் விடையோடு ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது நொடிப்பொழுது வேலை.

திருத்தவே கூடாத இடமும் உண்டு. 2021-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், டோனஹ்யூ எதிர் ஏஎம்என் சர்வீசஸ் வழக்கில், உணவு இடைவேளை நேரத்தை அப்படித் திருத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அங்கே சட்டம் கேட்பது முழு 30 நிமிடம். 25 நிமிடத்தை 30 என்று பதிந்தால், தொழிலாளிக்கு உரிய இடைவேளை குறைந்தது பதிவேட்டில் தெரியாமலே போய்விடும்.