கல்லாவில் 130, க்யூஆரில் 110

ஒரு சின்ன மெஸ். மதியச் சாப்பாட்டை 110 ரூபாயிலிருந்து 130 ஆக்கியாயிற்று. சுவர் போர்டில் மாற்றியாயிற்று, வெப்சைட்டிலும் மாற்றியாயிற்று. ஒரு வாரம் கழித்தும் கல்லா முன் ஒருவர் போனை நீட்டுகிறார்: "அண்ணே, இதுல 110னுதானே போட்டிருக்கு?" முதலாளி தன் போனில் பார்த்தால் 130 என்றுதான் இருக்கிறது.

இந்த நிலையில் வெப்சைட் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்குப் போகும் கடிதம் பெரும்பாலும் ஒரே வரிதான்: "பழைய விலையே காட்டுது, உடனே சரி பண்ணுங்க." பதிலும் ஒரே வரிதான்: "உங்கள் பிரவுசரின் கேஷை கிளியர் செய்து பாருங்கள்." இந்தப் பதில் பொய்யில்லை. ஒருமுறை திறந்த பக்கத்தைப் பிரவுசர் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே காட்டுவது உண்டு. ஆனால் சாப்பிட வருகிறவர்களிடம் போய் கேஷை கிளியர் செய்யச் சொல்ல முடியுமா?

பழைய விலை ஒளிந்திருக்கும் இடங்கள் பல. எடிட்டரில் விலையை மாற்றி `Save` அழுத்திவிட்டு `Publish` அழுத்தாமல் விட்டிருந்தால், முதலாளிக்குத் தன் எடிட்டரில் மட்டும் புது விலை தெரியும், ஊருக்கெல்லாம் பழையதுதான். பிரவுசர் நகல்தான் காரணம் என்றால், அந்த ஒரு போனில் மட்டும் சிக்கல். இன்காக்னிட்டோவில் திறந்தால் புது விலை வந்துவிடும். இவை இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் உண்டு. பக்கம் வேகமாகத் திறப்பதற்காக, வெப்சைட் நிறுவனமே பல ஊர் சர்வர்களில் நகல் வைத்திருக்கும். அது புதுப்பிக்கப்படாமல் நின்றுவிட்டால், சிலருக்குப் புதிது, சிலருக்குப் பழையது என்று கலந்து தெரியும். முகவரியின் கடைசியில் `?v=2` என்று சேர்த்துத் திறக்கும்போது மட்டும் புது விலை வந்தால், சந்தேகம் பெரும்பாலும் இந்த நகல் மேல்தான்.

நம் மெஸ்ஸில் இவை எதுவும் ஒத்துவரவில்லை. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் மெனு பக்கத்தைத் திறந்தால் 130. மேசையில் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்தால், எந்தப் போனிலும் 110. அப்போது பார்க்க வேண்டியது விலையை அல்ல, மேலே இருக்கும் முகவரியை. பக்கத்தின் முகவரி `/menu` என்று முடிகிறது. க்யூஆர் போவதோ `menu.pdf` என்ற ஃபைலுக்கு. புது PDF-ஐ ஏற்றியபோது பழையதன் மேல் அது உட்காரவில்லை. `menu-1.pdf` என்று தனி முகவரியில் போய் நின்றுவிட்டது. பழைய ஃபைல் அழியாமல் அங்கேயே இருக்கிறது, ஒட்டிய க்யூஆரும் அதைத்தான் காட்டுகிறது. இதற்கு எத்தனை முறை கேஷை கிளியர் செய்தாலும் பயனில்லை.

இவ்வளவும் தெரிந்தபின் எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கும்:

"வணக்கம். எங்கள் மெனுவில் 'மதியச் சாப்பாடு' 110லிருந்து 130 ரூபாய் ஆகிவிட்டது. போன திங்கள் காலை மாற்றி Publish செய்தேன். `/menu` பக்கத்தில் 130 சரியாக வருகிறது. மேசை க்யூஆர் திறக்கும் `menu.pdf`-இல் மட்டும் 110 வருகிறது. மூன்று போன்களில், மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் பார்த்துவிட்டேன். முகவரி தெரியும்படி இரண்டு ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். பழைய ஃபைலின் முகவரியை `/menu` பக்கத்துக்குத் திருப்பிவிட முடியுமா? முடியாது என்றால் ஃபைலை அழித்து, உங்கள் சர்வர் நகல்களையும் நீக்கித் தரவும்."

கோபம் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பதைவிட, "கேஷை கிளியர் செய்யுங்கள்" என்று சொல்ல வழியே விடவில்லை என்பதுதான் இதன் பலம். எந்தப் பண்டம், எந்த முகவரி, எங்கே சரி, எங்கே தப்பு என்பதெல்லாம் இருப்பதால், படிப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டில் முகவரிப் பட்டையை வெட்டிவிட்டு விலையை மட்டும் அனுப்புவதுதான் பலரும் செய்யும் வீண் வேலை.

திருப்பிவிடும் வசதி பக்கங்களுக்கு மட்டும் இருக்கும், ஏற்றிய ஃபைல்களுக்கு இல்லை என்று பதில் வரலாம். பல நிறுவனங்களில் அப்படித்தான். அப்படியானால் பெரும்பாலும் க்யூஆரைப் புதிதாக அச்சடிக்க வேண்டியிருக்கும். இந்த முறை ஃபைலுக்குப் போகாமல் `/menu` பக்கத்துக்கே போகும்படி எடுத்தால், அடுத்த விலை ஏற்றத்துக்கு ஸ்டிக்கரைத் தொட வேண்டியதில்லை. அதுவரை போனில் 110 காட்டுகிறவரிடம் 110 வாங்கிக்கொள்வதே நல்லது. கல்லாவில் நடக்கும் சண்டை அந்த இருபது ரூபாயைவிட அதிகம் தின்றுவிடும்.

கூகுள் மேப்ஸில் யாரோ போட்ட பழைய மெனு போட்டோவும் உணவு டெலிவரி ஆப்பில் கிடக்கும் பழைய விலையும் இந்தக் கடிதத்தில் வரக்கூடாது. வெப்சைட் நிறுவனத்தால் அவற்றைத் தொட முடியாது. அவற்றை அங்கங்கேதான் மாற்ற வேண்டும்.