திட்ட அறிக்கையை நம்ம கணக்குல எழுதுவோம்

மரச்செக்கு போடுவதற்காக எங்கள் பகுதி உழவர் குழு ஒன்று திட்ட அறிக்கை தயாரித்து வாங்கியிருந்தது. 40 பக்கம். வங்கிக்கு அது சரியான அறிக்கைதான். ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிய உறுப்பினர்கள் யாருக்கும் அது புரியவில்லை. வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால், ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

நான் மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்றையும் மாதக் கணக்காக மாற்றினேன்.

முதலாவது, ‘மொரட்டோரியம் 6 மாதம்’. ஆறு மாதம் ஒண்ணும் கட்ட வேண்டாம் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அசல்தான் நிற்கும், வட்டி ஓடும். கடன் 6 லட்சம், வட்டி 12 சதவீதம். அதனால், “முதல் ஆறு மாதமும் மாதம் 6,000 ரூபாய் வட்டி ஏறும். கட்டாவிட்டால் அது அசலோடு சேரும்” என்று எழுதினேன்.

இரண்டாவது, ‘டி.எஸ்.சி.ஆர். 1.5’. ஐந்தாண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 13,350 ரூபாய். “செலவெல்லாம் போக மாதம் 20,000 ரூபாய் மிஞ்சும், அதில் தவணை கட்டுவோம் என்று இந்த அறிக்கை நம்புகிறது.” நம்புகிறது என்ற சொல் முக்கியம். அது வந்த பணமல்ல, வரும் என்ற கணிப்பு.

மூன்றாவது, ‘பிரேக் ஈவன்’. அறிக்கையில் இது சதவீதமாக இருந்தது. சதவீதத்தை யாரும் எண்ணிப் பார்க்க முடியாது, லிட்டரை எண்ணலாம். ஆள் சம்பளமும் வாடகையும் 21,650, தவணை 13,350, ஆக மாதம் 35,000. பருப்பு, கரண்ட், பாட்டில் செலவு போக, புண்ணாக்கு வரவையும் சேர்த்தால் லிட்டருக்கு 50 ரூபாய் நிற்கும் என்பது அறிக்கையின் கணக்கு. “மாதம் 700 லிட்டர் விற்றால் கைக்கும் வாய்க்கும் சரி. 25 நாள் வேலை என்றால் நாளைக்கு 28 லிட்டர்.”

கூட்டத்தில் இதை வாசித்ததும் ஓர் அம்மா கேட்டார்: “நம்ம சந்தையில வாரத்துக்கு 60 லிட்டர் வித்தாலே பெரிசுங்க. மீதிய யாரு வாங்குவாங்க?”

வாரம் 60 என்றால் மாதம் சுமார் 260 லிட்டர், 13,000 ரூபாய். தவணை இருக்கட்டும், ஆள் சம்பளத்துக்கும் வாடகைக்குமே போதாது. 40 பக்கத்தில் மறைந்திருந்த கேள்வி ஒரு பக்கத்தில் வெளியே வந்துவிட்டது. கடனைத் தள்ளிவைத்தார்கள். இப்போது பக்கத்து ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டி விற்று, மாதாமாதம் லிட்டர் கணக்கை நோட்டில் எழுதுகிறார்கள்.

உங்கள் குழுவில் இதைச் செய்யும்போது வங்கிச் சொல்லை அடித்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் தாளில் அந்தச் சொல்தான் இருக்கும். அதன் பக்கத்திலேயே நம்ம கணக்கை எழுதுங்கள். பிறகு கணக்குத் தெரியாத ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள். அவர் தடங்கலில்லாமல் சொன்ன பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசுங்கள்.