புள்ளி தொலையாத ஸ்டிக்கர்: பின்னணி இல்லாத படமும் வெள்ளை விளிம்பும்

புலனக் குழுவில் மாணவர் ஒருவர் கட்டுரையைப் படம் பிடித்து அனுப்புகிறார். நல்லா எழுதியிருந்தா நாமும் ஒரு ஸ்டிக்கரைத் தட்டிவிடுகிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் வகுப்புக்கென்று புலனக் குழு வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு இது பழகிப்போன வேலைதான். போன ஆண்டு நானே ஒரு ஸ்டிக்கர் செய்தேன். மாணவர்கள் மணிலா அட்டையில் வெட்டிய எழுத்துகளை அடுக்கி, 'நன்று' என்று வைத்து, கைப்பேசியில் படம் எடுத்து, அதிலேயே இருக்கும் தானாக வெட்டும் வசதியால் பின்னணியை நீக்கினேன். மிக அழகா வந்தது. குழுவில் போட்ட கொஞ்ச நேரத்தில் படிவம் 5 மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நனறுன்னா என்ன?"

னகரத்தின் மேல் இருந்த புள்ளி காணாமல் போயிருந்தது. ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கிற தமிழ் ஆசிரியையே குழுவில் ஒற்றை விட்டுவிட்டாள்!

ஏன் போனது என்று பார்த்தால் காரணம் எளிது. தானாக வெட்டும் வசதி படத்தில் 'முக்கியமான பொருள் எது' என்று தேடுகிறது. பெரிய உருவங்களைப் பிடித்துக்கொள்கிறது. அவற்றோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் சின்னத் துண்டைத் தூசி மாதிரி நினைத்துத் தள்ளிவிடலாம். ஆங்கிலத்தில் அப்படித் தனியாக நிற்பது i, j இரண்டின் மேலே உள்ள புள்ளி மட்டும்தான். அது போனாலும் சொல் புரியும். நமக்கோ புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடும். அதனால் எழுத்து உள்ள ஸ்டிக்கரைக் கையால் வெட்டுவதுதான் நல்லது. GIMP என்ற இலவச மென்பொருளில் அந்த 'நன்று' ஸ்டிக்கரை மறுபடி எப்படிச் செய்தேன் என்று சொல்றேன். மடிக்கணினி போதும்.

முதலில் படம் எடுக்கும் மேசையிலிருந்தே தொடங்கணும். என் பழைய புள்ளி, காகிதத்தில் துளை போடும் கருவியிலிருந்து விழுந்த வட்டத் துண்டு. அதன் குறுக்களவு 6 மில்லிமீட்டர். படுக்கை வாட்டத்தில் வைத்த ஏ4 தாளில் 'நன்று' என்ற சொல் 25 சென்டிமீட்டர் அகலம் எடுத்தது. கடைசியில் அந்த அகலம் 464 பிக்சலாகச் சுருங்கும் (இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது கீழே). அப்படியானால் 1 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 18.5 பிக்சல். என் புள்ளிக்குக் கிடைத்தது 11 பிக்சல்தான்! கைப்பேசித் திரையில் ஸ்டிக்கர் இன்னும் சிறிதாகத்தான் தெரியும். ஆகவே அந்தப் புள்ளி வெட்டில் தப்பியிருந்தாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. இந்த முறை ஒன்றரை சென்டிமீட்டரில் புள்ளியை வெட்டினேன். 28 பிக்சல் வந்தது. எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் விட்டேன், அது 9 பிக்சல். அந்த இடைவெளிக்கும் பிறகு ஒரு வேலை இருக்கு.

அட்டை அடர்சிவப்பு. கீழே வெள்ளைத் தாள். வெள்ளையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வெட்டும்போது எழுத்தின் ஓரத்தில் பின்னணியின் நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். மஞ்சள் மேசைவிரிப்பில் எடுத்தால் மஞ்சள் கோடு வரும். வெள்ளைத் தாளில் எடுத்தால் வருவது வெள்ளைக் கோடு. நாம் எப்படியும் வெள்ளை விளிம்பு போடப்போவதால் அது அதிலேயே கரைந்துவிடும். ஆனால் நிழல் விழக்கூடாது. சன்னல் ஓரமாக, விளக்கை அணைத்துவிட்டு எடுங்க. அட்டை தூக்கிக்கொண்டு நின்றால் அடியில் சாம்பல் நிழல் விழும். அது மட்டும் விளிம்பில் அழுக்காகத் தெரியும். எழுத்துகளைத் தாளோடு ஒட்டிவிட்டால் தொல்லை இல்லை.

இப்போது GIMP-இல் படத்தைத் திறங்க. கைப்பேசிப் படம் பெரும்பாலும் JPEG. அந்த வகைக் கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் மட்டும் உண்டு, 'இந்த இடம் எவ்வளவு தெரியணும்' என்ற கணக்கு கிடையாது. அந்தக் கணக்குக்குப் பெயர் ஆல்பா. 0 என்றால் முழுக்கக் கண்ணாடி, 255 என்றால் முழுக்க அடைப்பு. Layer > Transparency > Add Alpha Channel என்று கொடுத்தால் படத்துக்கு அந்தக் கணக்கு வந்துவிடும். இதை மறந்தால், பின்னணியை அழிக்கும்போது கண்ணாடிக்குப் பதிலாக ஏதோ ஒரு நிறம்தான் நிரம்பும்.

அடுத்து வெட்டு. இங்கேதான் கைப்பேசி செய்ததற்கு நேர்மாறாகச் செய்கிறோம். எழுத்தைத் தேர்ந்தெடுக்காதீங்க, பின்னணியைத் தேர்ந்தெடுங்க. Fuzzy Select கருவியால் வெள்ளைத் தாளில் ஒரு சொடுக்கு. ஒரே மாதிரி நிறமாகத் தொடர்ந்து போகும் பகுதி முழுவதும் தேர்வாகும். ஓரங்கள் விடுபட்டால் Threshold எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க, எனக்கு 35 வந்தபோது சரியாயிற்று. ரொம்பக் கூட்டினால் தேர்வு எழுத்துக்குள்ளேயே நுழைந்துவிடும். புள்ளி தனியாக நின்றாலும் அது வெள்ளை இல்லையே, அதனால் தேர்வுக்குள் வராது. அழிப்பது வெள்ளையை மட்டும்தான் என்பதால் புள்ளி தங்கிவிடுகிறது.

னகரச் சுழிக்குள் சிக்கிய வெள்ளை மட்டும் வெளிப்பின்னணியோடு தொடராது. Shift விசையை அழுத்திக்கொண்டு அதற்குள்ளும் ஒரு சொடுக்கு. பிறகு Select > Grow, 1 பிக்சல். இது தேர்வை எழுத்தின் ஓரம் வரை ஒரு முடியளவு தள்ளி, அந்தக் கலங்கிய ஓரத்தையும் சேர்த்து எடுத்துவிடும். Delete விசையைத் தட்டினால் சாம்பல் கட்டங்கள் தெரியும். அந்தக் கட்டம் படத்தில் இல்லை, 'இங்கே ஒன்றும் இல்லை' என்று திரை காட்டும் அடையாளம் அவ்வளவுதான். (இணையத்தில் 'பின்னணி இல்லாதது' என்று இறக்கும் சில படங்களில் அந்தக் கட்டங்களே நிறமாக அச்சாகியிருக்கும். ஏமாந்துடாதீங்க.) தேர்வை Select > None கொடுத்து விடுவித்துவிடுங்க.

இப்போது அளவு. வாட்ஸ்அப் ஸ்டிக்கரின் சதுரம் 512-க்கு 512 பிக்சல். சுற்றிலும் 16 பிக்சல் வெற்றிடம் விடவும், 8 பிக்சல் வெள்ளை விளிம்பு போடவும் வாட்ஸ்அப்பே ஸ்டிக்கர் செய்வோருக்குப் பரிந்துரைக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 32-உம் 16-உம் கழித்தால் படத்துக்கு மிஞ்சுவது 464. Image > Crop to Content கொடுத்து வெற்றிடத்தை நறுக்குங்க. Image > Scale Image-இல் அகலம் 464 என்று வையுங்க. பிறகு Image > Canvas Size-இல் 512, 512 கொடுத்து (அகலம், உயரம் இரண்டையும் பிணைக்கும் சங்கிலியை அவிழ்த்துவிட்டு), Center தட்டி, Resize layers என்ற இடத்தில் All layers என்று தேர்ந்தெடுங்க. வரிசை முக்கியம். முதலில் விளிம்பு போட்டுப் பிறகு சுருக்கினால் 8 பிக்சல் விளிம்பும் சேர்ந்து சுருங்கி நூல் மாதிரி ஆகிவிடும்.

விளிம்பு என்பது கோடு வரைவதல்ல. எழுத்தைவிடக் கொஞ்சம் பருத்த ஒரு வெள்ளை எழுத்தைச் செய்து அடியில் வைப்பதுதான். Layer > Transparency > Alpha to Selection என்றால் எழுத்தும் புள்ளியும் மட்டும் தேர்வாகும். Select > Grow, 8 பிக்சல். இந்த இடத்தில் திரையைக் கவனிங்க. புள்ளியைச் சுற்றிய கோடும் எழுத்தைச் சுற்றிய கோடும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். எழுத்திலிருந்து 8, புள்ளியிலிருந்து 8, ஆக 16 பிக்சலுக்குள் இடைவெளி இருந்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். நாம் விட்டது 9. அதனால் புள்ளி தனியே மிதக்காமல் எழுத்தோடு ஒரே ஸ்டிக்கராக நிற்கிறது, நடுவில் வெள்ளை இருப்பதால் புள்ளி புள்ளியாகவும் தெரிகிறது. அந்த அரை சென்டிமீட்டர் இதற்காகத்தான்.

சுழிக்கு இதே கணக்கு வேறு மாதிரி வேலை செய்யும். சுழியின் உள்வெளி 16 பிக்சலுக்கு மேல் இருந்தால் நடுவில் சின்ன ஓட்டை மிஞ்சும். அரட்டைப் பக்கம் கறுப்பாக இருப்பவர்களுக்கு அந்த ஓட்டை கறுப்புப் பொட்டாகத் தெரியும், சட்டென்று பார்த்தால் இன்னொரு புள்ளி! Select > Remove Holes கொடுத்தால் மூடிக்கொள்ளும்.

Layer > New Layer-இல் வெறும் கண்ணாடி அடுக்கு ஒன்று திறந்து, அடுக்குப் பட்டியலில் அதை எழுத்துக்குக் கீழே இழுத்து வைத்து, Edit > Fill with BG Color (பின்னணி நிறம் வெள்ளையாக இருக்கணும்). விளிம்பு வந்துவிட்டது.

இனி சோதனை. எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு அடுக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்க. கறுப்பில் விளிம்பு முழுசா இருக்கா, எங்கேயாவது குப்பைப் பிக்சல் வெள்ளைப் பொட்டாக நிற்கிறதா என்று தெரியும். அதை மாற்றி ஒரு வெளிர்பச்சை. பிறகு படத்தை 25 விழுக்காட்டுக்குச் சுருக்கிப் பார்த்து, புள்ளி தெரியுதா என்று பாருங்க. தெரியலைன்னா மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்குவதைவிட அட்டையில் பெரிதாக வெட்டி மறுபடி எடுப்பதே வேகம், நான் அப்படித்தான் செய்தேன். சோதனை அடுக்கை அழித்துவிட்டு File > Export As, பெயர் `nandru.webp`. கோப்பு 100 கிலோபைட்டுக்குள் இருக்கணும். இரண்டே நிறம் உள்ள படம் அந்த எல்லையைத் தொடவே தொடாது. அடுக்குகளோடு `nandru.xcf` என்றும் ஒன்று சேமித்து வையுங்க, அடுத்த சொல்லுக்கு உதவும்.

அனுப்பும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்தக் கோப்பைச் சாதாரணப் படமாகக் குழுவில் போட்டால் அது மறுபடி JPEG ஆகி ஆல்பா போய்விடும், எழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டம் வந்து உட்காரும். மடிக்கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, இணைப்புப் பட்டியலில் புது ஸ்டிக்கர் என்பதைத் தேர்ந்து இந்தக் கோப்பைக் கொடுங்க. முதலில் உங்களுக்கே அனுப்பி, கைப்பேசியில் அதை விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் பிறகு எப்போதும் கையில் இருக்கும். வேறு செயலி வழியாகத் தொகுப்பாகச் சேர்ப்பதென்றால் ஒரு தொகுப்பில் குறைந்தது 3, அதிகம் 30 ஸ்டிக்கர். இன்னொரு ஆசிரியருக்குக் கோப்பாகவே கொடுப்பதென்றால் படமாக இல்லாமல் ஆவணமாக அனுப்புங்க.

என் தொகுப்பில் இப்போது 'நன்று', 'சிறப்பு', 'ஒற்று எங்கே?' மூன்றும் இருக்கு. மூன்றாவதை வெட்டித் தந்தது அந்தப் படிவம் 5 மாணவிதான். அதில் இரண்டு புள்ளி.